கொக்கி கடித்த கறை: ஜாக்கெட்டில் துரு ஏறாமல் பார்த்துக்கொள்ளும் வழி

ஐப்பசி மழை தொடங்கிய இரண்டாவது வாரத்திலிருந்து என் தையல் கடைக்குப் புதுத் துணியைவிடப் பழைய ஜாக்கெட்டுகள்தான் அதிகம் வரும். கொக்கி வரிசைக்கு நேராகச் செம்பழுப்புப் புள்ளிகள் இருக்கும். எதிர்ப்பக்கத் துணியிலும் அதே இடைவெளியில் அதே புள்ளிகள் பதிந்திருக்கும். கொண்டுவருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "ஏனுங்க அக்கா, சோப்பு சரியில்லையா, தண்ணீர் சரியில்லையா?"

பேரூர்ப் பக்கம் பல வீடுகளில் இரண்டு குழாய்கள் உண்டு. ஒன்றில் சிறுவாணி வரும், இன்னொன்றில் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் வரும். அதனால் பழி உடனே உப்புத் தண்ணீர் மேல் விழுந்துவிடுகிறது. அதற்கும் பங்கு இருக்கிறதுதான். ஆனால் கறை பெரும்பாலும் வாளிக்குள் பிறப்பதில்லை. துவைத்து முடித்த பிறகு, துணி காய்ந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் அது பிறக்கிறது. வீட்டில் ஜாக்கெட் தைக்கத் தொடங்கியிருப்பவர்களும், புதிதாகக் குடித்தனம் நடத்துகிறவர்களும் இதைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிது.

இரும்பு துருப்பிடிக்க ஈரமும் காற்றும் சேர்ந்து வேண்டும். உப்பு இருந்தால் வேகம் கூடும். சோப்பு நீரில் மூழ்கியிருக்கும்போது கொக்கிக்குக் கிடைக்கும் காற்று குறைவு. சோப்பின் காரத்தன்மையும் இரும்பை ஓரளவு காக்கிறது. கொடியில் போட்ட பிறகு நிலைமை மாறிவிடும். ஜாக்கெட்டின் உடல் பகுதி ஒரு மணி நேரத்தில் காய்ந்தாலும், கொக்கி தைத்திருக்கும் பட்டி காயாது. அங்கே மேல் துணி, லைனிங், மடிப்பு என்று நான்கைந்து அடுக்குகள் இருக்கின்றன. அந்த அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய ஈரம், சுற்றிலும் காற்று, அலசியும் போகாத வியர்வை உப்பு. துருவுக்கு இதைவிட வசதியான வீடு கிடையாது. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்றில் பட்டிகூட விரைவில் காய்ந்துவிடும். அப்போது இந்தப் புகார் அவ்வளவாக வராது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வரும்.

கொக்கியில் துரு முதலில் எங்கே பிடிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். சாதாரணக் கொக்கி என்பது இரும்புக் கம்பியை வளைத்து, மேலே நிக்கல் பூசியது. பூச்சு முழுதாக இருக்கும்வரை இரும்பு பிழைத்துக்கொள்ளும். எங்காவது கீறினால் ஆபத்து. நிக்கலும் இரும்பும் ஈரத்தில் ஒட்டியிருக்கும்போது தேய்வது இரும்புதான், அதுவும் தனியாக இருப்பதைவிட வேகமாகத் தேயும். துத்தநாகப் பூச்சு இதற்கு நேர்மாறு. தான் தேய்ந்து இரும்பைக் காக்கும். நம் கொக்கிகளில் இருப்பதோ பளபளப்புக்காகப் பூசிய நிக்கல். கம்பி வெட்டிய முனைகளிலும், அதிகம் வளைந்த மூக்கிலும் அது முதலில் விட்டுப்போகும். கொக்கி தளர்ந்துவிட்டது என்று குறட்டாலோ பல்லாலோ கடித்து இறுக்குகிறவர்கள் அந்தப் பூச்சை உடைக்கிறார்கள். பல்லால் கடிப்பவர்கள் பலர், நானும் ஒரு காலத்தில் கடித்தவள்தான்.

வாங்கும்போதே சோதிப்பது

கொக்கி அட்டையைக் கடையில் வாங்கும்போது கையில் ஒரு காந்தம் வைத்திருங்கள். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் பொம்மைக் காந்தம் போதும். கொக்கி பாய்ந்து வந்து ஒட்டினால் அது இரும்பு. ஒட்டாமலிருந்தாலோ, ஒட்டலாமா வேண்டாமா என்பதுபோல் மெல்ல அசைந்தாலோ பித்தளையாகவோ எவர்சில்வராகவோ இருக்கலாம். அந்த மெல்லிய அசைவு ஏமாற்றும் என்பதால் இதைச் சொல்கிறேன். பித்தளைமேல் பூசிய நிக்கல் காந்தத்துக்குச் சற்று அசையும். எவர்சில்வர் கம்பியும் இழுத்து வளைத்த பிறகு கொஞ்சம் காந்தத்துக்கு இசையும். எனவே "அசைந்தது, ஆகவே இரும்பு" என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிளேடு நுனியால் ஓரிடத்தில் கீறிப் பாருங்கள். உள்ளே மஞ்சள் தெரிந்தால் பித்தளை, கீறிய பிறகும் வெள்ளையாகவே இருந்தால் எவர்சில்வர்.

காந்தத்தைவிட நான் நம்புவது ஈரத்துணிச் சோதனை. திருப்பூரிலிருந்து கிலோ கணக்கில் வரும் பனியன் வேஸ்ட் நம் ஊர்ப் பட்டறைகளில் கிடைக்கும். அதில் வெள்ளைத் துண்டு ஒன்றை எடுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி கல்லுப்பைக் கரைத்து, துணியை அதில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்துகொள்ளுங்கள். அட்டையிலிருந்து நான்கு கொக்கிகளை எடுங்கள். இரண்டை அப்படியே விட்டு, மற்ற இரண்டையும் குறட்டால் ஒருமுறை நசுக்கி நிமிர்த்துங்கள். நான்கையும் துணியில் தனித்தனி இடங்களில் வைத்து மடித்து, பாலிதீன் உறையில் போட்டு, வாயைச் சற்றுத் திறந்தபடி வைத்துவிடுங்கள். மறுநாள் அதே நேரத்தில் பிரித்துப் பாருங்கள்.

இரும்புக் கொக்கி என்றால், நசுக்கியவற்றின் கீழே பழுப்புக் கோடு தெரியும். நசுக்காதவை சில நேரம் சுத்தமாக இருக்கும், சில நேரம் வெட்டுமுனையில் மட்டும் புள்ளி வைத்திருக்கும். நசுக்காதது தேறி, நசுக்கியது தோற்றால் பூச்சு நன்றாக இருக்கிறது, அடியில் இருப்பது இரும்பு என்று பொருள். அடர் நிறத் துணிக்கு அதைப் பயன்படுத்தலாம். வெள்ளை, சந்தனம், வெளிர் மஞ்சள் துணிக்கு வேண்டாம். பித்தளை பழுப்பு வைக்காது. ஆனால் வியர்வை உப்பில் பச்சைச் சாயல் விடக்கூடும். வெளிர் நிறத்துக்கு எவர்சில்வர் கொக்கிதான் என் தேர்வு. கடையில் "எஸ்.எஸ். கொக்கி" என்று கேளுங்கள். அது கம்பி விறைப்பாக இருப்பதால் தைக்கும்போது கை கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான்.

தைக்கும்போது

கொக்கியின் இரண்டு காது வளையங்களையும் தைத்து, கழுத்துப் பகுதியில் நான்கு சுற்று நூல் போட்டால்தான் கொக்கி அசையாது. அசையும் கொக்கி துணியில் உராய்ந்து உராய்ந்து பூச்சை இழக்கும். இன்னொன்று, கொக்கியின் அடிப்புறம் நேரே மேல் துணியில் படாமல், நடுவே ஒரு மடிப்புத் துணி இருக்கும்படி பட்டியை அமையுங்கள். துரு வந்தாலும் வெளியே தெரிய நாளாகும். அது தடுப்பு இல்லை, எச்சரிக்கைக்கான அவகாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஜாக்கெட்டில் கொக்கி மாற்ற நேரமில்லை என்றால், நிறமில்லாத நகப்பூச்சை வெட்டுமுனையிலும் வளைவிலும் தடவுவார்கள். நானும் செய்திருக்கிறேன். சில துவைப்புகள் தாங்கும். மாட்டும்போதும் கழற்றும்போதும் உராய்கிற இடத்தில் முதலில் உதிர்ந்துவிடும். அவசரத்துக்குச் செய்துகொள்ளலாம். செய்யும்போது கொக்கிக்கு அடியில் ஓர் அட்டைத் துண்டு வையுங்கள், நகப்பூச்சு சில செயற்கைத் துணிகளைக் கரைத்துவிடும்.

துவைத்து, உலர்த்தி, மடிக்கும்போது

போட்டுக் கழற்றிய ஜாக்கெட்டை வியர்வையோடு அழுக்குக் கூடையில் மூன்று நாள் போட்டுவைப்பதுதான் முதல் தவறு. துவைக்க நாள் இருக்கிறது என்றால் பட்டிப் பகுதியை மட்டுமாவது தண்ணீரில் அலசிக் கொடியில் போடுங்கள்.

துவைக்கும்போது கொக்கிகளை மாட்டிவிட்டுத் துவைத்தால் மற்றத் துணியில் சிக்காது. இரவு முழுக்க ஊற வைக்காதீர்கள். அரை மணி நேரம் போதும். உப்புத் தண்ணீரில் துவைத்தாலும் கடைசி அலசலை மட்டும் அரை வாளிச் சிறுவாணியில் செய்யுங்கள். துணியில் தங்கும் உப்பு வெகுவாகக் குறையும். மெஷினில் துவைத்துவிட்டு, சுற்று முடிந்த துணியை அப்படியே விட்டு இரவு தூங்கிப்போவது ஊற வைப்பதைவிட மோசம். மூடிய தொட்டிக்குள் ஈரமும் காற்றும் சேர்ந்தே இருக்கின்றன.

பிழிந்த பின் பட்டியை ஒரு காய்ந்த துண்டில் சுற்றி உள்ளங்கையால் அழுத்துங்கள். பிறகு கொக்கிகளைக் கழற்றிவிட்டு, பட்டி காற்றைப் பார்க்கும்படி உட்புறத்தை வெளியே திருப்பி, தலைகீழாகக் கொடியில் மாட்டுங்கள். தோளை மேலே வைத்து மாட்டினால் தண்ணீர் வழிந்து ஜாக்கெட்டின் கீழ்ப்பட்டிக்கு வரும். அடுக்குகள் மிக அதிகமாக இருப்பது அந்த இடத்தில்தான். கடைசி இரண்டு கொக்கிகளும் அங்கேதான் இருக்கின்றன. தலைகீழாக மாட்டினால் தண்ணீர் மெல்லிய கழுத்துப் பக்கம் வழிந்துவிடும். காய்ந்ததா என்று கையால் தொட்டுப் பார்க்காதீர்கள், கை ஏமாற்றும். கீழ்க்கொக்கி இருக்கும் மடிப்பைக் கன்னத்தில் வையுங்கள். சில்லென்று இருந்தால் ஈரம் இருக்கிறது.

இஸ்திரி போடுவதற்கு முந்தைய இரவு தண்ணீர் தெளித்துச் சுருட்டி வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. பருத்திக்கு அது நல்லதுதான், கொக்கிக்கு அல்ல. தெளித்த உடனே போடுங்கள், அல்லது பட்டியில் படாமல் தெளியுங்கள். இஸ்திரிப் பெட்டியைக் கொக்கி மேல் நேராக ஓட்டினால் பூச்சு கீறும், பெட்டியின் அடியும் கெடும். சேலையில் குத்திய ஊக்கைக் கழற்றாமல் துவைக்கப் போடுவதும் இதே ரகம்தான். ஊக்கின் கம்பிச் சுருளுக்குள் தேங்கும் நீர் எப்போதும் கடைசியில்தான் காயும்.

ஜிப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நைலான் பல் வைத்த ஜிப்பில் பல் துருப்பிடிக்காது. இழுக்கும் தலை பெரும்பாலும் துத்தநாகக் கலவை. அது வெள்ளைப் பொடி வைக்கலாம், பழுப்பு வைக்காது. ஜீன்ஸில் கறை வந்தால் ஜிப்பைக் குறை சொல்லும் முன் இடுப்புப் பட்டனின் பின்புறம் உள்ள ஆணியைப் பாருங்கள். முன்னே பித்தளைத் தலை இருந்தாலும் பின்னே இரும்பு ஆணி இருக்கக்கூடும். ஜீன்ஸை உட்புறம் வெளியே திருப்பி உலர்த்துவதற்கு இது ஒரு காரணம்.

ஒரு சந்தன நிற ஜாக்கெட்

போன மழைக்காலத்தில் எனக்கு வந்த ஒன்றை அப்படியே சொல்கிறேன். லைனிங் வைத்த பருத்தி ஜாக்கெட், சந்தன நிறம், முன்பக்கம் ஆறு கொக்கிகள். கீழ் இரண்டில் பட்டாணி அளவுப் புள்ளிகள், மேலே உள்ளவற்றில் கடுகு அளவு. எதிர்ப்பட்டியில் அவற்றின் நிழல்கள். கொண்டுவந்தவர் பக்கத்து வீதிக்காரர். "அக்கா, இந்தக் குழாய்த் தண்ணீரில் இரும்பு இருக்கிறதாம், அதனால்தானே?" என்றார்.

அப்படியும் நடக்கும். ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்த இரும்பு இருந்தால் வெள்ளைத் துணி முழுக்க மஞ்சள் படரும், ஒழுங்கில்லாமல் இருக்கும். அதே தண்ணீரில் துவைத்த வெள்ளைத் துண்டு ஒன்றைக் கொண்டுவரச் சொன்னேன். அது சுத்தமாக இருந்தது. இங்கே கறை கொக்கியின் இடத்தில் மட்டும், கொக்கியின் அளவில், கீழே போகப் போகப் பெரிதாக இருந்தது. தண்ணீருக்குக் கொக்கி எங்கே இருக்கிறது என்று தெரியாது. கொக்கிதான் குற்றவாளி, உலர்த்தியதும் தோள் மேலே இருக்கும்படிதான் என்று சொன்னேன். அவர் ஒப்புக்கொண்டார்.

ஒரு புள்ளியில் மட்டும் துணி மெலிந்து, இழை தனியாகத் தெரிந்தது. "அதில் மட்டும் பிளீச்சிங் போட்டுத் தேய்த்தேன்" என்றார். இதுதான் யாரும் செய்யக்கூடாதது. துரு என்பது ஏற்கெனவே ஆக்சிஜன் சேர்ந்த இரும்பு. பிளீச்சிங்கும் ஆக்சிஜன் சேர்க்கும் வேலையைத்தான் செய்கிறது. அதனால் கறை போகாது. போதாக்குறைக்கு, துணியில் உள்ள இரும்பு பிளீச்சிங்கின் வேகத்தை அந்த இடத்தில் கூட்டி, பருத்தி இழையையே அரித்துவிடும். சில மாதம் கழித்து அந்தப் புள்ளி ஓட்டையாகும். மிச்சம் இருக்கும் கொக்கியையும் பிளீச்சிங் தின்னும்.

முதலில் ஆறு கொக்கிகளையும் பிளேடால் நூல் அறுத்து எடுத்துவிட்டேன். கொக்கியை வைத்துக்கொண்டு கறையை எடுப்பது வீண் வேலை. அமிலம் கொக்கியிலும் பட்டுப் புது இரும்பைக் கரைத்து அதே இடத்தில் சேர்க்கும். பிறகு உள்மடிப்பில் ஓர் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்து நிறம் மாறுகிறதா என்று பார்த்தேன். மாறவில்லை.

மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைப்பது சிட்ரிக் அமிலம். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி போட்டுக் கரைத்தேன். கறைக்கு அடியில் மடித்த பனியன் துணி வைத்து, பஞ்சால் மேலிருந்து ஒற்றி நனைத்து, கால் மணி நேரம் விட்டேன். அந்தக் கால் மணிக்குள் காய்ந்துபோகாமல் இடையில் இரண்டு முறை மீண்டும் நனைத்தேன். எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைக்கும் பழைய முறையும் இதே வேதியியல்தான். ஆனால் வெயிலில் அமிலம் காய்ந்து இறுகினால் இழை பலவீனமாகும் என்பதால் நான் நிழலில், ஈரமாகவே வைக்கிறேன். தேய்க்கவில்லை. தேய்த்தால் துருத் துகள் இழைக்குள் போய்விடும்.

முதல் சுற்றில் கடுகுப் புள்ளிகள் போயின. பட்டாணிப் புள்ளிகள் பழுப்பிலிருந்து மஞ்சளுக்கு வந்தன. அலசிவிட்டு மறுபடியும் செய்தேன். மூன்றாவது சுற்றுக்குப் பிறகு எதிர்ப்பட்டி முழுக்கச் சுத்தமானது. கொக்கிப் பக்கத்தில் ஒன்று மட்டும் மங்கலாக நின்றது, அதுவே எல்லாவற்றிலும் பழையது. நான்காவது சுற்றில் மாற்றம் எதுவும் இல்லாததால் நிறுத்திவிட்டேன். மாற்றம் நின்ற பிறகும் அமிலம் வைப்பது துணிக்கு மட்டுமே வேலை வைக்கும். கடைசியில் நிறையத் தண்ணீரில் அலசி, கொஞ்சம் சோப்பு நீரில் ஒருமுறை முக்கி, மீண்டும் அலசினேன். சோப்பின் காரம் மிச்ச அமிலத்தை அடக்கிவிடும்.

இதில் ஒரே ஓர் ஆபத்து உண்டு. எலுமிச்சை உப்பையோ எந்த அமிலத்தையோ பிளீச்சிங்கோடு சேர்த்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூச்சு அடைக்கும். பிளீச்சிங் போட்ட துணி என்றால் முதலில் பலமுறை அலசி, அதன் வாடை முழுதும் போன பிறகே அமிலம் வையுங்கள். சலவைக்காரர்கள் ஆக்சாலிக் அமிலம் பயன்படுத்துவார்கள், வேகமாக வேலை செய்யும். அது விஷம், குழந்தைகள் உள்ள வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஜரிகை உள்ள பட்டு ஜாக்கெட்டில் எலுமிச்சை உப்பையும் நான் வைப்பதில்லை. ஜரிகை மங்கிவிடும். அதை அப்படியே அனுபவமுள்ள சலவைக்காரரிடம் கொடுத்து, இது துரு என்று சொல்லிக் கொடுங்கள். சொல்லாமல் கொடுத்தால் அவரும் பிளீச்சிங் போட்டுவிடலாம்.

ஜாக்கெட் நன்றாகக் காய்ந்த பிறகு எவர்சில்வர் கொக்கிகள் வைத்தேன். பிளீச்சிங் மெலியவைத்த இடத்தில் உட்புறமாக அதே நிறத் துண்டு ஒன்றை வைத்து நாலு தையல் போட்டுத் தாங்கல் கொடுத்தேன். மங்கலாக நின்ற அந்த ஒரு கறைக்கு நேரே கொக்கி வருமாறு வரிசையைக் கால் அங்குலம் கீழே இறக்கினேன். அதற்கேற்ப எதிரே உள்ள ஆறு நூல் வளையங்களையும் மாற்றிப் போட வேண்டியிருந்தது. அதற்குத் தனியாகக் கூலி வாங்கிக்கொண்டேன்.